யீல்டு கர்வுல இருந்து ஃபார்வர்ட் ரேட் எப்படி வருது, அதை எவ்வளவு நம்பலாம்

"அடுத்த வருஷம் வட்டி 7% ஆகும்னு மார்க்கெட் எதிர்பாக்குது" அப்படின்னு பாண்டு மார்க்கெட் பத்தி பேசுறவங்க ரொம்ப சாதாரணமா சொல்லிட்டு போவாங்க. மார்க்கெட்டை யாரும் உக்கார வெச்சு கேட்டுட்டு வரல, அப்போ அந்த 7% எங்க இருந்து வந்துச்சு? இன்னைக்கு பாண்டு என்ன விலைக்கு போகுதுன்றத வெச்சு போட்ட கணக்குல இருந்து வந்துச்சு. கணக்கு பக்காவானது, அதுல யாரும் சண்டை போட முடியாது. ஆனா "எதிர்பாக்குது"ன்ற பகுதி அந்த கணக்குக்குள்ள எங்கயும் கிடையாது, அது மேல ஒட்ட வெச்ச ஒரு தியரி. இந்த ரெண்டும் எங்க பிரியுதுன்னு தெரிஞ்சுட்டா இந்த டாப்பிக்ல முக்கால்வாசி முடிஞ்ச மாதிரி, அதனால ஒரே ஒரு உதாரணத்தை எடுத்து கடைசி வரைக்கும் அதையே இழுத்துட்டு போறேன்.

முதல்ல ஸ்பாட் ரேட். இன்னைக்கு பணம் குடுக்குறீங்க, நடுவுல ஒரு பைசா வராது, சொன்ன தேதியில மொத்தமா ஒரே தடவை திரும்பி வரும். அந்த மாதிரி ஒரு கடனுக்கு இன்னைக்கு என்ன வட்டியோ அதுதான் அந்த காலத்துக்கான ஸ்பாட் ரேட். நடுவுல கூப்பன், அதாவது வருஷா வருஷம் தர்ற வட்டி, எதுவும் குடுக்காத பாண்டை ஜீரோ கூப்பன் பாண்டு, சுருக்கமா ஜீரோன்னு சொல்லுவாங்க. ஒரு வருஷம் கழிச்சு 100 தர்ற ஜீரோ இன்னைக்கு 95.24க்கு கெடைக்குதுன்னு வெச்சுக்கோங்க. 100ஐ 95.24ஆல வகுத்தா 1.05, அதாவது ஒரு வருஷ ஸ்பாட் ரேட் 5%. ரெண்டு வருஷம் கழிச்சு 100 தர்ற ஜீரோ இன்னைக்கு 89.00. 100ஐ 89ஆல வகுத்தா 1.1236 வருது, இது ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து வளர்ந்தது, வர்க்கமூலம் எடுத்தா 1.06. அப்போ ரெண்டு வருஷ ஸ்பாட் ரேட் 6%.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். இந்த 6%ன்றது முதல் வருஷத்துக்கு தனியா 6, ரெண்டாவது வருஷத்துக்கு தனியா 6னு யாரும் எழுதி குடுத்தது இல்ல, ரெண்டு வருஷத்தையும் சேர்த்து பாத்தா சராசரியா இவ்வளவுன்னு அர்த்தம், அவ்வளவுதான். இந்த மாதிரி 1 வருஷம், 2 வருஷம், 3 வருஷம்னு ஒவ்வொரு காலத்துக்கும் ஸ்பாட் ரேட்டை புள்ளி வெச்சு கோடு இழுத்தா அதுதான் ஸ்பாட் கர்வ். நியூஸ்ல பொதுவா யீல்டு கர்வ்னு காட்டுறது இது கெடையாது, அது பெரும்பாலும் கூப்பன் குடுக்குற பாண்டுகளோட யீல்டை, அதாவது கடைசி வரைக்கும் வெச்சிருந்தா வர்ற சராசரி வட்டியை வெச்சு வரைஞ்சது, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா தெரியும் ஆனா ஒண்ணு இல்ல.

ஏன் ஒண்ணு இல்லன்னா, கூப்பன் பாண்டுன்றது உண்மையில பல ஜீரோக்களை ஒரே மூட்டையா கட்டுனது. வருஷத்துக்கு 5 கூப்பன் குடுத்து ரெண்டாவது வருஷ கடைசியில 100 திருப்பி தர்ற பாண்டை எடுத்துக்கோங்க. அதுல ஒரு வருஷம் கழிச்சு வர்ற 5 ஒரு குட்டி ஜீரோ, ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற 105 இன்னொரு ஜீரோ. இந்த பாண்டு மார்க்கெட்ல 98.21க்கு போகுதுன்னு வைங்க. இதை வெச்சே ரெண்டு வருஷ ஸ்பாட் ரேட்டை தோண்டி எடுக்கலாம்: முதல் வருஷ 5ஐ ஒரு வருஷ ஸ்பாட் ரேட்ல, அதாவது 1.05ஆல வகுத்தா இன்னைக்கு மதிப்பு 4.76. அதை 98.21ல இருந்து கழிச்சா 93.45. இப்போ மிச்சம் இருக்குறது சுத்தமான ஒரு ரெண்டு வருஷ ஜீரோ, இன்னைக்கு 93.45 குடுத்தா ரெண்டு வருஷம் கழிச்சு 105 வருது. 105ஐ 93.45ஆல வகுத்தா 1.1236, வர்க்கமூலம் 1.06, அதே 6%. இப்படி ஒரு வருஷத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா ஏறி 3, 4, 5னு போறதுக்கு பூட்ஸ்ட்ராப்பிங்னு பேரு. எல்லா காலத்துக்கும் ஜீரோ மார்க்கெட்ல கெடைக்காது, அதனால நிஜத்துல பெரும்பாலும் இப்படித்தான் ஸ்பாட் கர்வை கட்டுறாங்க.

அதே பாண்டோட யீல்டை, முழுப் பேர் யீல்டு டு மெச்சூரிட்டி, போட்டு பாத்தா சுமார் 5.98% வரும், 6 வராது. ஒரு வருஷத்துல வர்ற அந்த சின்ன 5க்கு 5% வட்டி, பெரிய 105க்கு 6%, இந்த ரெண்டையும் கலந்து ஒரே நம்பரா சொல்றதால கொஞ்சம் கீழ இழுக்குது. ரெண்டு வருஷத்துல வித்தியாசம் கண்ணுக்கே தெரியல, ஆனா 20 வருஷ பாண்டுல கூப்பன் பெருசா இருந்து கர்வும் செங்குத்தா இருந்தா நல்லாவே தெரியும்.

சரி, இப்போ ஃபார்வர்ட் ரேட்டுக்கு வருவோம். உங்ககிட்ட இருக்குற பணம் ரெண்டு வருஷத்துக்கு வேணாம். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நேரா ரெண்டு வருஷ ஜீரோவை வாங்கி வெச்சுட்டு மறந்துடலாம், 1 போட்டா 1.1236 ஆகும். இன்னொண்ணு, ஒரு வருஷ ஜீரோவை 5%க்கு வாங்கி, அது முடிஞ்சதும் அப்போ இருக்குற ரேட்ல இன்னொரு வருஷத்துக்கு போடலாம். ரெண்டாவது வருஷம் எவ்வளவு வட்டி கெடைச்சா ரெண்டு வழியும் சமமா முடியும்? அந்த நம்பர்தான் இம்ப்ளைடு ஃபார்வர்ட் ரேட். கீழ s1ன்றது ஒரு வருஷ ஸ்பாட் ரேட், s2 ரெண்டு வருஷ ஸ்பாட் ரேட், f ஃபார்வர்ட் ரேட்.

```
(1 + s2)^2 = (1 + s1) × (1 + f)
1.1236 = 1.05 × (1 + f)
f = 1.1236 / 1.05 − 1 = 0.0701
```

7.01%. முதல் தடவை பாக்குறவங்களுக்கு இது கொஞ்சம் அதிகமா தோணும், கர்வ்ல 5ம் 6ம் தான இருக்கு, 7 எங்க இருந்து குதிச்சுதுன்னு. பரீட்சை மார்க்கை நினைச்சு பாருங்க, முதல் பரீட்சையில 50, ரெண்டு பரீட்சைக்கும் சேர்த்து சராசரி 60னா ரெண்டாவதுல 70 எடுத்திருக்கணும், சராசரியை 10 தூக்கணும்னா புதுசா வர்றது பழசை விட 20 மேல இருந்தாகணும். ஸ்பாட் ரேட் சராசரி, ஃபார்வர்ட் ரேட் அந்த கடைசி பரீட்சையோட மார்க். மூணு வருஷ ஸ்பாட் ரேட் 6.5%னு வெச்சா மூணாவது வருஷத்துக்கான ஃபார்வர்ட் 1.065ஐ மூணு தடவை பெருக்கி 1.1236ஆல வகுத்தா வரும், சுமார் 7.51%. ஸ்பாட் கர்வ் மேல ஏறுதுன்னா ஃபார்வர்ட் அதுக்கும் மேல நிக்கும், கீழ இறங்குதுன்னா ஃபார்வர்ட் அதுக்கும் கீழ போகும், எப்பவுமே இப்படித்தான்.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்ல, இந்த 7.01%ஐ இன்னைக்கே கையில பிடிச்சு வெச்சுக்கலாம். எப்படின்னா, ஒரு வருஷ ஜீரோ ஒண்ணை ஷார்ட் பண்றீங்க, அதாவது ஒரு வருஷம் கழிச்சு 100 தர்றேன்னு சொல்லி இன்னைக்கு 95.24 வாங்கிக்கிறீங்க. அந்த 95.24ஐ அப்படியே கொண்டு போய் 89.00 விலைக்கு ரெண்டு வருஷ ஜீரோவை வாங்குறீங்க, 1.0701 பாண்டு கெடைக்கும். இன்னைக்கு உங்க கையில இருந்து எதுவும் போகல, வரவும் இல்ல. ஒரு வருஷம் கழிச்சு 100 கட்டுறீங்க, ரெண்டு வருஷம் கழிச்சு 107.01 வாங்குறீங்க. நடுவுல வட்டி ஏறுனாலும் இறங்குனாலும் உங்களுக்கு கவலை இல்ல, அடுத்த வருஷம் ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஓடப்போற ஒரு கடனை இன்னைக்கே 7.01%க்கு குடுத்தாச்சு. பேங்குகளுக்கு நடுவுல எழுதிக்கிற ஃபார்வர்ட் ரேட் அக்ரிமென்ட், வட்டி ஃப்யூச்சர்ஸ் இதெல்லாம் இந்த வேலையை ஒரே காகிதத்துல முடிக்கிற வழிகள்தான். சாதாரண ஆள் கவர்ன்மென்ட் ரேட்டுக்கே கடன் வாங்க முடியாது, வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் இடைவெளியும் இருக்கும், அதனால நமக்கு சரியா 7.01 கெடைக்காது, ஆனா பெரிய டீலர்கள் இருக்குறதால மார்க்கெட் விலை இந்த சமன்பாட்டை விட்டு ரொம்ப தூரம் போகாது.

இதுவரைக்கும் யாரோட கருத்தும் உள்ள வரல, கவனிச்சீங்களா? அடுத்த வருஷம் வட்டி என்ன ஆகும்னு நாம யாரையும் கேக்கவே இல்ல. விலை ரெண்டு, வகுத்தல் ஒண்ணு. அதனால ஃபார்வர்ட் ரேட்டை முதல்ல பிரேக் ஈவன்னு படிக்கிறதுதான் பாதுகாப்பு. பணம் ஒரு வருஷத்துக்கு மட்டும் போட வேண்டிய ஆள் ரெண்டு வருஷ ஜீரோவை 89.00க்கு வாங்கி, ஒரு வருஷம் வெச்சுட்டு வித்துட்டா என்ன ஆகும்னு பாருங்க. விக்கிற நேரத்துல அது ஒரு வருஷ ஜீரோ ஆகியிருக்கும், அதோட விலை அப்போ இருக்குற ஒரு வருஷ ரேட்டை பொறுத்தது. ரேட் சரியா 7.01% ஆகியிருந்தா விலை 93.45, அவருக்கு கெடைச்சது 5%, பேசாம ஒரு வருஷ ஜீரோ வாங்குனவருக்கும் அதே 5%தான், லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. ரேட் 8%க்கு போயிருந்தா விலை 92.59, அவருக்கு 4.04%தான், தோத்துட்டார். ரேட் 6.5%ல நின்னுருந்தா விலை 93.90, கெடைச்சது 5.50%, ஜெயிச்சுட்டார். ரேட் ஏறியிருக்கு, ஆனாலும் ஜெயிச்சிருக்கார், ஏன்னா 7.01 அளவுக்கு ஏறல. இந்த இடத்துலதான் நிறைய பேர் வழுக்குவாங்க, "வட்டி ஏறும்னு தோணுது, அதனால நீண்ட பாண்டு வேணாம்"னு முடிவு எடுப்பாங்க. வட்டி ஏறுமான்றது கேள்வியே இல்ல, ஃபார்வர்டை விட அதிகமா ஏறுமான்றதுதான் கேள்வி.

இன்னொரு கேஸ் பாக்கலாம், இது பின்னாடி ரொம்ப உதவும். ரேட் மாறவே இல்ல, அடுத்த வருஷமும் அதே 5%. அப்போ விலை 95.24, 89.00க்கு வாங்குனது, லாபம் 7.01%. ஃபார்வர்ட் ரேட் எவ்வளவோ அவ்வளவே! தற்செயல் இல்ல இது, எந்த நம்பரை போட்டாலும் இப்படித்தான் வரும். ஆக ஃபார்வர்ட் 7.01, இன்னைக்கு ரேட் 5, நடுவுல இருக்குற 2.01ஐ காலம் ரெண்டு விதமா தீர்க்கலாம். ஒண்ணு, ரேட் 7.01 வரைக்கும் ஏறி வந்து ரெண்டு பாண்டும் ஒரே 5% குடுக்கும். இல்லைன்னா ரேட் அங்கேயே நிக்கும், நீண்ட பாண்டு வெச்சிருந்தவருக்கு 2.01% எக்ஸ்ட்ராவா கையில வரும். நடுவுல எங்கயாவது நின்னா ரெண்டும் பாதி பாதி.

எக்ஸ்பெக்டேஷன்ஸ் தியரி சொல்றது, முதல் விதம்தான் நடக்கும்னு. கொஞ்சம் சரியா சொன்னா, ஒவ்வொரு தடவையும் நடக்கும்னு இல்ல, சராசரியா அப்படி நடக்கும், ஏன்னா ஃபார்வர்ட் ரேட்ன்றது மக்கள் எதிர்பாக்குற வருங்கால ஸ்பாட் ரேட்டேதான். இந்த எண்ணம் ரொம்ப பழசு, எகனாமிஸ்ட் இர்விங் ஃபிஷர் 1896லயே இந்த வழியில எழுதியிருக்கார். வாதம் எளிமையானது: எல்லாரும் அடுத்த வருஷ ரேட் 6.5%தான்னு நம்புறாங்கன்னு வைங்க, ஆனா ஃபார்வர்ட் 7.01ல நிக்குது. அப்போ ரெண்டு வருஷ ஜீரோ வாங்குனா 5.50%, ஒரு வருஷ ஜீரோ வாங்குனா 5%, யார் ஒரு வருஷத்தை வாங்குவா? எல்லாரும் இதை வித்துட்டு அதுக்கு ஓடுவாங்க, ரெண்டு வருஷ ஜீரோவோட விலை ஏறும், 89.00ல இருந்து 89.43 வரைக்கும் ஏறுனா ரெண்டு வருஷ ஸ்பாட் 5.75%க்கு இறங்கும், ஃபார்வர்ட் 6.5%க்கு வந்து நிக்கும், அதுக்கு மேல ஓட காரணம் இருக்காது. அதனால ஃபார்வர்டும் எதிர்பார்ப்பும் ஒண்ணாகியே தீரும்.

இதை ஒத்துக்கிட்டா கர்வோட முழு வடிவமும் பேச ஆரம்பிச்சிடும். நீண்ட கால ரேட்ன்றது நடுவுல வரப்போற குறுகிய கால ரேட்டுகளோட சராசரி, நம்ம உதாரணத்துல 5, 7.01, 7.51 மூணோட சராசரிதான் அந்த 6.5. கர்வ் ஏறுதுன்னா வட்டி ஏறும்னு எதிர்பாக்குறாங்க, தட்டையா இருந்தா அப்படியே இருக்கும்னு, இறங்குனா குறையும்னு. அழகான தியரி, ஒரே ஐடியாவை வெச்சு எல்லாத்தையும் விளக்கிடுது, எனக்கு சந்தேகமே அந்த அழகுலதான் ஆரம்பிக்கும்.

ஓட்டை எங்க இருக்குன்னா, 5.50% கெடைக்கும்னு சொன்னது எதிர்பார்ப்பு மட்டும்தான், கேரன்டி இல்ல. ஒரு வருஷ ஜீரோவுல 5% உறுதி. ரெண்டு வருஷ ஜீரோவை வாங்கி நடுவுல விக்கிறவருக்கு 4.04ம் வரலாம். அந்த ரிஸ்க்கை பத்தி துளி கூட கவலைப்படாத ஆள்தான் அந்த அரை சதவீதத்துக்காக கண்ண மூடிட்டு ஓடுவார், மத்தவங்க "இன்னும் கொஞ்சம் சேர்த்து குடு, அப்போ வர்றேன்"னு சொல்லுவாங்க. 1939ல எகனாமிஸ்ட் ஹிக்ஸ் இதைத்தான் சொன்னார், கடன் குடுக்குறவங்க சீக்கிரம் கைக்கு வர்ற மாதிரி குடுக்க பாக்குறாங்க, வாங்குறவங்க நீண்ட காலத்துக்கு பூட்டி வெச்சுக்க பாக்குறாங்க, அதனால நீண்ட காலத்துக்கு குடுக்க வைக்கணும்னா ஒரு சன்மானம் குடுத்தாகணும். இதுக்கு டெர்ம் பிரீமியம்னு பேரு. அப்போ ஃபார்வர்டுல ரெண்டு பொருள் கலந்து இருக்கு:

```
f = எதிர்பார்க்கும் ரேட் + டெர்ம் பிரீமியம்
```

பிரீமியம் எப்பவும் பிளஸ்லதான் இருக்கணும்னும் இல்ல. 20 வருஷம் கழிச்சு பென்ஷன் குடுக்க வேண்டிய ஒரு ஃபண்டுக்கு 20 வருஷ பாண்டுதான் பாதுகாப்பு, ஒரு வருஷ பாண்டை வாங்கி வாங்கி புதுப்பிச்சுட்டு இருந்தா அதுக்கு அதுதான் ரிஸ்க். அந்த மாதிரி ஆளுங்க கூட்டமா நீண்ட பாண்டுக்கு வந்தா பிரீமியம் மைனஸுக்கே போகலாம். மொடிலியானியும் சட்ச்சும் 1966ல இந்த பக்கத்தை எழுதுனாங்க, ஒவ்வொருத்தருக்கும் பிடிச்ச ஒரு காலம் இருக்கு, அதை விட்டு வர்றதுக்குத்தான் கூலி கேப்பாங்கன்னு.

சரி, தியரி சண்டையை விடுங்க, நடந்தது என்ன? சுலபமான சோதனை ஒண்ணு இருக்கு. அமெரிக்க 10 வருஷ கவர்ன்மென்ட் பாண்டோட யீல்டு 1981ல 15%ஐ தாண்டி இருந்துச்சு, 2020ல 1%க்கும் கீழ வந்துச்சு. நடுவுல ஏற்ற இறக்கம் இருந்தாலும் கிட்டத்தட்ட 40 வருஷம் வட்டி கீழதான் போயிட்டு இருந்துச்சு. அந்த காலத்துல பெரும்பாலான நேரம் கர்வ் என்னவோ மேல பாத்துதான் நின்னுச்சு. எக்ஸ்பெக்டேஷன்ஸ் தியரியை அப்படியே எடுத்துக்கிட்டா, வட்டி ஏறும் ஏறும்னு ஒரு தலைமுறையே எதிர்பாத்து, திரும்ப திரும்ப ஏமாந்துட்டே இருந்துச்சுன்னு சொல்லணும். ஏமாந்தது கொஞ்சம் இருக்கலாம், ஆனா முழுக்க அதுதான்னு சொல்றதை விட கர்வோட சாய்வுல ஒரு பங்கு பிரீமியம்னு சொல்றது நம்புற மாதிரி இருக்கு.

இதையே ஒழுங்கா டேட்டா வெச்சு பாத்தவங்க ஃபாமாவும் பிளிஸ்ஸும், 1987ல. ஒண்ணுல இருந்து அஞ்சு வருஷ அமெரிக்க பாண்டுகளை எடுத்துக்கிட்டு கேட்டது நாம மேல பாத்த அதே கேள்வி: ஃபார்வர்டுக்கும் இன்னைக்கு ரேட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி எந்த விதமா தீருது, ரேட் ஏறியா, இல்ல நீண்ட பாண்டு காரருக்கு எக்ஸ்ட்ரா லாபமாவா? ஒரு வருஷ தூரத்துல பாத்தா, ரேட் ஃபார்வர்ட் சொன்ன பக்கம் நகர்ந்ததா கிட்டத்தட்ட தெரியவே இல்ல, இடைவெளி ஏறக்குறைய முழுசா எக்ஸ்ட்ரா லாபமா போச்சு. நம்ம உதாரணத்துல சொன்னா, 7.01 பக்கம் போகாம ரேட் சராசரியா 5 பக்கத்துலயே நின்ன மாதிரி. ஆனா தூரத்தை 4 வருஷம் வரைக்கும் நீட்டிப் பாத்தப்போ ஃபார்வர்டுக்கு கணிக்கிற சக்தி கணிசமா இருந்துச்சு, வட்டி ரொம்ப கூடவோ குறையவோ இருந்தா மெல்ல நடு நிலைக்கு திரும்பி வரும், அதை ஃபார்வர்ட் பிடிச்சிடுது. கேம்ப்பெல்லும் ஷில்லரும் 1991ல வேற கோணத்துல பாத்தாங்க. நீண்ட ரேட்டுக்கும் குறுகிய ரேட்டுக்கும் இடைவெளி பெருசா இருக்குறப்போ அடுத்து நீண்ட ரேட் ஏறணும்னு தியரி சொல்லுது, ஏன்னா அந்த எக்ஸ்ட்ரா யீல்டை விலை இறங்கித்தான் சமன் பண்ணணும். டேட்டா காட்டுனது எதிர் பக்கம், இறங்கத்தான் பாத்துச்சு.

இதுக்காக தியரியை தூக்கி குப்பையில போட்டுட வேணாம். அடுத்த சில மாசத்துக்கான ஃபார்வர்டுல பிரீமியம் சின்னதா இருக்கும், சென்ட்ரல் பேங்க் என்ன பண்ணப்போகுதுன்னு கோடிட்டு காட்டியிருந்தா அந்த ஃபார்வர்ட் பெரும்பாலும் நல்லாவே பொருந்தும். அதுவும் எல்லா நேரமும் இல்ல. அமெரிக்காவுல 2008 டிசம்பர்ல பாலிசி ரேட்டை 0 முதல் 0.25% வரைக்கும்னு கொண்டு வந்து வெச்சாங்க, அதுக்கப்புறம் வருஷா வருஷம் கர்வ் மேல பாத்துட்டு "இதோ ஏறப்போகுது"ன்னு சொல்லிட்டே இருந்துச்சு, கடைசியில முதல் ஏற்றம் வந்தது 2015 டிசம்பர்ல. அவ்வளவு வருஷம் நீண்ட பாண்டு வெச்சிருந்தவருக்கு அந்த இடைவெளி லாபமா போச்சு.

அப்போ பிரீமியத்தை கழிச்சுட்டு எதிர்பார்ப்பை மட்டும் எடுத்துக்கலாமேன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கல், கர்வ் குடுக்குறது f ஒண்ணு மட்டும், நமக்கு தெரியாதது ரெண்டு. 7.01ஐ 6.6 + 0.4னும் பிரிக்கலாம், 5.5 + 1.5னும் பிரிக்கலாம், கர்வுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதனால வெளிய இருந்து ஏதாவது கொண்டு வரணும், எகனாமிஸ்ட்டுகள் வட்டி எங்க போகும்னு சொல்ற சர்வே, இல்லைன்னா வட்டி எப்படி நகரும்னு ஒரு மாடல். மாடலை மாத்துனா பிரீமியம் மாறும், ஒரே நாளுக்கு ரெண்டு மாடல் ரெண்டு நம்பர் சொல்லும். யாராவது டெர்ம் பிரீமியம் இன்னைக்கு 0.43னு ரெண்டு தசம இடத்துல சொன்னா அதை அளந்ததா எடுத்துக்காம மதிப்பிட்டதா எடுத்துக்கோங்க.

கணக்கு போடுறப்போ மாட்டிக்கிற இடம் ஒண்ணு சொல்லணும். ஃபார்வர்ட் ரேட்டுக்கு சின்ன தப்பை பெருசாக்கி காட்டுற குணம் இருக்கு. 9 வருஷ ஸ்பாட் 7.00%, 10 வருஷ ஸ்பாட் 7.05%னு வைங்க. பத்தாவது வருஷத்துக்கான ஃபார்வர்டை தோராயமா 10 × 7.05 − 9 × 7.00னு போடலாம், 7.5% வருது. இப்போ அந்த 10 வருஷ பாண்டு சரியா வியாபாரம் ஆகல, பழைய விலை, உண்மையில 7.10% இருக்கணும்னு வைங்க. ஸ்பாட்ல தப்பு 0.05தான், யாருக்கும் கண்ணுல படாது, ஃபார்வர்ட் 8%க்கு தாவிடும். தப்பு பத்து மடங்கு. அதனாலதான் வரைஞ்ச ஃபார்வர்ட் கர்வ் ரம்பம் பல்லு மாதிரி மேலயும் கீழயும் குதிக்குதுன்னா "மார்க்கெட் எட்டாவது வருஷம் ஏறி ஒன்பதாவது வருஷம் இறங்கும்னு நினைக்குது"ன்னு கதை கட்டாம, இன்புட் விலையில எது பழசு, எந்த இடத்துல ஸ்பாட்டுக்கு பதிலா கூப்பன் பாண்டோட யீல்டை போட்டுட்டோம்னு தேடணும். சென்ட்ரல் பேங்குகள் கர்வை பாண்டு பாண்டா இணைக்காம வழவழப்பான ஒரு ஃபங்ஷனை பொருத்தி வரையிறதுக்கு இதுவும் ஒரு காரணம். இன்னொண்ணு, வருஷத்துக்கு ரெண்டு தடவை கூப்பன் தர்ற மார்க்கெட்ல ரேட்டும் அரை வருஷ கூட்டு வட்டியில சொல்லியிருப்பாங்க, அதை அப்படியே எடுத்து மேல இருக்குற வருஷ ஃபார்முலால போட்டா விடை கொஞ்சம் தள்ளி வரும், முதல்ல ரெண்டையும் ஒரே முறைக்கு மாத்திக்கணும்.

கடைசியா தலைகீழ் கர்வ். ஒரு வருஷம் 6%, ரெண்டு வருஷம் 5.5%. ஃபார்வர்ட் 1.113025ஐ 1.06ஆல வகுத்தா 5.00%. எல்லாரும் "வட்டி 1% குறையும்னு மார்க்கெட் சொல்லுது"ன்னு படிப்பாங்க. ஆனா பிரீமியம் பிளஸ்ல, 0.3னு வெச்சா எதிர்பார்ப்பு 4.7%தான், அதாவது இன்னும் அதிகமா குறையும்னு நினைக்கிறாங்க. ஏறுற கர்வ்ல பிரீமியம் எதிர்பார்ப்பை ஊதிக் காட்டுது, இறங்குற கர்வ்ல அதே பிரீமியம் குறைவை மறைக்குது. ஏறுற கர்வ் பிரீமியத்தால மட்டுமே கூட வரலாம், இறங்குற கர்வுக்கு பிரீமியம் பிளஸ்ல இருக்குற வரைக்கும் வட்டி குறையும்ன்ற எதிர்பார்ப்பு இல்லாம வழியே இல்ல, அதனால தலைகீழ் கர்வுல எதிர்பார்ப்பு இன்னும் தெளிவா தெரியுது. எப்போ குறையும்ன்றதுல மட்டும் அது அடிக்கடி அவசரப்படும். அமெரிக்காவுல 2 வருஷ யீல்டு 10 வருஷத்தை தாண்டி 2022 ஜூலையில நிக்க ஆரம்பிச்சு 2024 ஆகஸ்ட் கடைசி வாக்குல வரைக்கும் அப்படியே இருந்துச்சு. 2023 மார்ச்ல சில பேங்குகள் விழுந்தப்போ அந்த வருஷத்துக்குள்ளயே ரேட் குறைப்பு வந்துடும்னு ஃபார்வர்ட் விலைகள் காட்டுச்சு, நடந்தது என்னன்னா மே மாசமும் ஜூலையிலயும் இன்னும் ஏத்துனாங்க, 5.25 முதல் 5.50% வரைக்கும் போய் நின்னுச்சு, முதல் குறைப்பு 2024 செப்டம்பர்லதான் வந்துச்சு, அதுவும் ஒரே அடியில 0.50.